2026 தைப்பூசக் காவடிகள்: முன்பதிவு (இன்னும் செய்யத் தொடங்கவில்லை)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காவடிகள் இப்போது என்னிடம் இல்லை. படத்தில் இருப்பவை போன தைப்பூசத்துக்குச் செய்தவை, எல்லாம் விற்றாகிவிட்டன. நீங்கள் பதிவு செய்த பிறகுதான் மூங்கிலே வாங்கப் போகிறேன்.

வரும் தைப்பூசம் 2026 பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. அதற்காக ரோஸ்ஹில் ஸ்டான்லியில் உள்ள எங்கள் பட்டறையில் மொத்தம் 30 காவடிகள் செய்கிறோம். பெரியவர்களுக்கு 20, பிள்ளைகளுக்கு 10. நானும் என் தம்பியும் மட்டும்தான் வேலை செய்கிறோம், ஆகவே இதற்கு மேல் எடுக்க மாட்டோம்.

பெரிய காவடி 4,500 ரூபாய், முன்பணம் 1,500. சின்னக் காவடி 2,600 ரூபாய், முன்பணம் 800. மீதியைக் காவடியைக் கையில் வாங்கும்போது கொடுத்தால் போதும். ஜூஸ் செயலி மூலம் அனுப்பலாம், ரொக்கமாகவும் தரலாம். எப்படித் தந்தாலும் ரசீது உண்டு.

இந்த விலைக்குக் கிடைப்பது: அடிப்பலகை, இரட்டை மூங்கில் வளைவு, தோளில் அழுத்தாமல் இருக்கத் துணி சுற்றிய மெத்தை, இரண்டு பக்கமும் பால் செம்பு கட்டப் பித்தளைக் கொக்கி, பூச்சரம் கட்ட வளைவு நெடுகச் சின்னத் துளைகள். பெரியது பூ இல்லாமல் ஐந்து கிலோவுக்குள் இருக்கும். செம்பு, மயிலிறகு, பூ, எலுமிச்சம்பழம் ஆகியவை இதில் சேராது. சுமப்பவர் உயரத்தையும் தோள் அகலத்தையும் பதிவின்போதே சொல்லுங்கள். பிள்ளைகள் வளர்வார்கள் என்று ஒரு அளவு கூட்டிச் சொல்லாதீர்கள். மெத்தை தோளில் சரியாக உட்காராவிட்டால் கோயில் சேர்வதற்குள் குழந்தைக்குத் தோள் புண்ணாகிவிடும்.

பதிவு நவம்பர் 22, சனிக்கிழமை வரை. 30 நிரம்பிவிட்டால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். 24ஆம் தேதி மூங்கில் வாங்குகிறோம். டிசம்பர் 1 முதல் பிளப்பது, ஊறவைப்பது, அனலில் காட்டி வளைத்து அச்சில் கட்டுவது. அச்சிலேயே நன்றாகக் காய வேண்டும், அவசரப்பட்டு அவிழ்த்தால் வளைவு மெல்ல மெல்ல விரிந்துவிடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு டிசம்பர் 24 முதல் ஜனவரி 4 வரை பட்டறை மூடியிருக்கும், அந்த நாட்களில் மூங்கில் காய்ந்துகொண்டிருக்கும். அப்புறம் பொருத்துவது, வார்னிஷ். ஜனவரி 17, 18 (சனி, ஞாயிறு) பட்டறையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். பத்து நாள் விரதம் தொடங்குவதற்கு முன்பே காவடி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் இந்தத் தேதி.

ஆனால் அது புயல் காலம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் வந்தது நினைவிருக்கும், பத்தாவது நாள் தைப்பூசம். அந்த முறை ஈரத்தில் வார்னிஷ் காயாமல் நான்கு காவடிகளை இரண்டு நாள் தாமதமாகத்தான் கொடுத்தேன். அந்த நான்கு வீடுகளிலும் பட்ட பதற்றத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் எண்ணிக்கையை 30ஆகக் குறைத்தேன், ஒரு வாரம் கூடுதலாகவும் ஒதுக்கியிருக்கிறேன். தாமதமாகும் என்று தெரிந்தால் ஜனவரி 15க்குள் நானே உங்களைக் கூப்பிட்டுச் சொல்வேன். ஜனவரி 24, சனிக்கிழமைக்குள் காவடி தர முடியாவிட்டால், காரணம் புயலே ஆனாலும், முன்பணம் முழுவதும் அன்றே திரும்பும். வேண்டுமானால் காத்திருக்கலாம், முடிவு உங்களுடையது.

நீங்கள் ரத்து செய்தால்: நவம்பர் 30 வரை முன்பணம் முழுவதும் திருப்பித் தருவேன், காரணம் கேட்க மாட்டேன். டிசம்பர் 1 முதல் 23 வரை பாதி. மூங்கில் உங்கள் அளவுக்கு வெட்டப்பட்டிருக்கும், அதை அப்படியே வேறொருவருக்குப் பொருத்த முடியாது. அதன் பிறகு முன்பணம் திரும்பாது. ஆனால் உங்கள் பதிவை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஜனவரி 31 மாலைக்குள் வாங்க வராத காவடியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன்.

வீட்டில் துக்கம் நேர்ந்து தீட்டால் இந்த வருடம் காவடி எடுக்க முடியாமல் போனால் மேலே சொன்ன தேதிகள் எதுவும் கிடையாது. எப்போது சொன்னாலும் முழுப் பணமும் திரும்பும். அல்லது காவடியை முடித்து, பட்டறையிலேயே பத்திரமாக வைத்திருந்து அடுத்த தைப்பூசத்துக்கு அதே விலையில் தருகிறேன். சான்றிதழ் எதுவும் கொண்டுவர வேண்டாம், ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேர்த்திக்கடன் விஷயத்தில் நான் யாரிடமும் கணக்குப் பார்க்க மாட்டேன்.

வாங்கும்போதே மூட்டுகளை அசைத்துப் பாருங்கள், தோளில் வைத்தும் பாருங்கள். பழுது இருந்தால் அங்கேயே சரிசெய்வோம், சரிசெய்ய முடியாவிட்டால் முழுப் பணமும் உங்களுக்கு. கத்ர் போர்ன், போர்ட் லூயிஸ் வரை வேனில் கொண்டுவர 300 ரூபாய்.

பதிவு செய்ய, சுமப்பவர் பெயர், உயரம், தோள் அகலம், எந்தக் கோயில் என்பவற்றை இங்கேயே மெசேஜ் அனுப்புங்கள். அன்று மாலைக்குள் பதில் தருவேன். என் பதில் வந்த பிறகு முன்பணம் அனுப்பினால் போதும்.