தரையிலா படுத்திருந்தான்?

(மாவட்டக் கல்லூரிப் பேச்சுப் போட்டி, மூன்று நிமிடம். ஒத்திகைப் பிரதி. மேடையேறியதும் வணக்கம் சொல்லாதே, முதலில் தம்பியின் குரல்.)

"அக்கா, வயிறு வலிக்குது."

விடியற்காலை மூன்று மணிக்கு என் தம்பி என்னை எழுப்பிச் சொன்னது இது.

(ஒரு மூச்சு.)

நடுவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் செஞ்சிக்குப் பக்கம். ஓட்டு வீடு. புரட்டாசி மாதம், மழை பெய்து ஓய்ந்த இரவு, கரண்ட் இல்லை. அம்மா, நான், தம்பி மூன்று பேரும் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். அவனுக்கு அப்போது பத்து வயது. விடிந்தால் காலாண்டுப் பரீட்சை, அதுவும் கணக்கு. அதனால் நான் சொன்னேன்: "நடிக்காதே, படு."

அம்மா எழுந்து ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். வாயில் ஊற்றியது கடைவாயில் வழிந்தது. முழுங்க முடியவில்லை என்றான். கொஞ்ச நேரம் போனது. "அக்கா, கண்ணைத் திறக்க முடியலக்கா" என்றான். அப்போதும் தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்தேன்.

(50 விநாடி ஆகியிருக்க வேண்டும். இங்கே அவசரப்படாதே.)

அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. காத்து கருப்பு அடித்திருக்கும், மந்திரிக்கலாம் என்று ஏரிக்கரைக்கு ஓடினார். அங்கே ஓர் இருளர் தாத்தா இருந்தார். வயலில் எலி பிடிக்கக் கூப்பிடுவோம். ஆனால் எங்கள் திண்ணையில் அவரை உட்காரச் சொன்னதில்லை.

தாத்தா டார்ச்சோடு வந்தார். தம்பியின் இமையைத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் அது தானாகக் கீழே விழுந்தது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தரையிலா படுத்திருந்தான்?"

(இரண்டு எண்ணும் வரை நிறுத்து. யாரையாவது நேராகப் பார்.)

"இது கட்டுவிரியன் மாதிரி இருக்கும்மா. தூக்கத்துல கடிச்சா வலி தெரியாது, தடம் கூடக் கண்ணுக்குத் தெரியாது. மந்திரம் கிந்திரம் எதுவும் வேணாம். 108-க்குப் போன் போடு."

மந்திரிக்கக் கூப்பிட்ட மனிதர்தான் மந்திரம் வேண்டாம் என்றார். தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, எச்சில் மூச்சுக்குழாயில் போகாமல் பார்த்துக்கொண்டார். கயிறு கட்ட விடவில்லை. கீற விடவில்லை. ஒரு அடி கூட நடக்க விடவில்லை.

அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மூச்சு நின்றுபோகும் நிலை வந்தது, வென்டிலேட்டரில் வைத்தார்கள். நான்காம் நாள் காலை தம்பி கண்ணைத் திறந்தான்.

(குரல் இறங்கட்டும். 2 நிமிடம்.)

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்து செய்யப் பெரும்பாலும் அந்த விஷம்தான் போகிறது. என் தம்பியின் உடம்பில் ஏறிய மருந்துக்குப் பின்னாலும் அந்தத் தாத்தாவின் சொந்தக்காரர்கள் யாராவது இருந்திருக்கலாம்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் வீட்டில் யாரோ என்னைப் போல "நடிக்காதே, படு" என்று சொல்லியிருப்பார்கள்?

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிறு வலிக்கிறது, கண் சொக்குகிறது, முழுங்க முடியவில்லை என்றால், கடித்த தடத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும், தரையில் படுப்பவர் யாராக இருந்தாலும் ஒரு கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். பாம்பு உள்ளே வர வழியிருக்காது.

(கடைசிப் பகுதி. கையைக் கட்டாதே, சிரித்துக்கொண்டே சொல்.)

தம்பி இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். நான் விடுதியிலிருந்து தினமும் இரவு ஒன்பது மணிக்கு அவனுக்குப் போன் செய்வேன். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னாலேயே அவன் சொல்லிவிடுவான்:

"வலையைச் செருகிட்டேன்கா. தாத்தா திண்ணையில உக்காந்திருக்காரு, பேசுறியா?"