ஜும்ஆ பயான்: வாடைக்காலத்தில் சபுர்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலிஹில் அமீன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, வாலிபர்களே, பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

இன்றைக்கு வேறொரு தலைப்பு வைத்திருந்தேன். நேற்று சுபுஹு தொழுதுவிட்டு கடற்கரைப் பக்கம் போனேன், அங்கே கண்டது மனதை விட்டுப் போகவில்லை, அதையே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன். பாம்பனில் கூண்டு ஏற்றுவதும் இறக்குவதும் மறுபடி ஏற்றுவதுமாகப் பதினேழு நாள் ஆகிவிட்டது, நம் ஊரில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. போன வாரக் காற்றில் கரையில் ஏற்றி வைத்திருந்த நாட்டுப்படகுகளில் எட்டு ஒன்றோடொன்று மோதி உடைந்து கிடக்கின்றன. அந்தப் படகுகளுக்கு நடுவில் ஒரு காக்கா மணலில் உட்கார்ந்து, ஒரு பெரிய வலைப் பந்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாசியும் முள்ளும் சிப்பியும் சிக்கி, வலை கயிறு மாதிரி முறுகிப்போயிருந்தது. கால் கட்டைவிரலில் ஒரு கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்து, நகத்தால் ஒவ்வொரு முடிச்சாக நெகிழ்த்தி எடுக்கிறார். விரல் நுனியெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்திருக்கிறது.

"எத்தனை நாள் ஆகும் காக்கா?" என்று கேட்டேன். "பத்து நாள் ஆகும் ஹஜ்ரத். அறுத்துப் போட்டுட்டுப் புதுசு வாங்க வழி இல்ல" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாரும் சபுரா இரு, சபுரா இருன்னு சொல்றாங்க ஹஜ்ரத். கடன் கொடுத்தவரும் அதைத்தான் சொல்றாரு. சொல்லிட்டு அடுத்த பேச்சே, பாக்கிய எப்ப தருவேன்னு கேக்குறாரு" என்றார்.

கடன் கொடுத்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் நேற்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாம் சபுர் என்ற வார்த்தையை யாரிடம் சொல்கிறோம்? எப்போதும் அடிபட்டவனிடம்தான்.

அல்லாஹ் சூரத்துல் பகராவில் 155-வது ஆயத்தில் சொல்கிறான்: பயத்தைக் கொண்டும், பசியைக் கொண்டும், பொருளிலும் உயிரிலும் விளைச்சலிலும் இழப்பைக் கொண்டும் உங்களைச் சோதிப்போம், பொறுமையாளர்களுக்கு நற்செய்தி சொல்லுங்கள் என்று. இதில் நம் ஊர் வீடுகளில் இல்லாதது எது, சொல்லுங்கள். காற்று வந்தால் பயம். பதினேழு நாளாக அடுப்பில் கஞ்சி. எல்லை தாண்டினான் என்று பிடித்துக் கொண்டுபோகப்பட்ட பிள்ளை அக்கரைச் சிறையில் இருக்கிறான், அவன் உம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குகிறார். சவூதியில் இருக்கும் மகனுக்கு மூன்று மாதம் சம்பளம் வரவில்லை என்பதை வாப்பா வெளியில் சொல்லவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அழுவது சபுருக்கு எதிரானது அல்ல. அழும் பெண்ணிடம் "அழாதே, பாவம்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். நம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், மடியில் இருந்த மகன் இப்ராஹீமின் உயிர் பிரிந்தபோது அழுதார்கள். கண் நீர் வடிக்கிறது, உள்ளம் வருந்துகிறது, நம் ரப்புக்குப் பொருத்தமானதைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டோம் என்றார்கள். யஅகூப் நபி மகனுக்காக அழுது அழுது கண் வெளுத்துப்போனது, குர்ஆனே அதைச் சொல்கிறது. அதே வாயால்தான் அவர் "என் கவலையையும் துக்கத்தையும் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன்" என்றார். அய்யூப் நபி "எனக்குத் துன்பம் நேர்ந்துவிட்டது" என்று ரப்பிடம் வாய்விட்டே சொன்னார். அப்படிச் சொன்னவரைத்தான் அல்லாஹ் "அவரைப் பொறுமையாளராகக் கண்டோம்" என்கிறான். ராத்திரி தஹஜ்ஜுதில் உட்கார்ந்து, யா அல்லாஹ் என்னால் முடியவில்லை என்று நீங்கள் சொன்னால், உங்கள் சபுர் குறைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

அனஸ் ரளியல்லாஹு அன்ஹு அறிவிக்கும் ஹதீஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெண் கப்ரின் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார். நபியவர்கள் "அல்லாஹ்வைப் பயந்துகொள், பொறுமையாக இரு" என்றார்கள். வந்தது யார் என்று தெரியாமல் அந்தப் பெண், "தள்ளிப் போங்கள், எனக்கு வந்தது உங்களுக்கு வரவில்லை" என்று சொல்லிவிட்டார். பிறகு விவரம் தெரிந்து பதறி வீட்டு வாசலுக்கு ஓடி வந்தார். அப்போது நபியவர்கள் சொன்னது, "பொறுமை என்பது முதல் அடியில்தான்." இந்த ஹதீஸைச் சொல்லும்போது நாம் இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். "உனக்கு வரவில்லையே" என்று முகத்துக்கு நேராகச் சொன்ன பெண்ணை நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை என்பதையும் பாருங்கள். துக்கத்தில் இருப்பவர் கடுமையாகப் பேசினால் கேட்டுக்கொண்டு போக வேண்டும், அதுவும் சபுர், அது நம் மேல் உள்ள சபுர்.

சரி, கடனுக்கு வருகிறேன். அதே சூரத்துல் பகராவில், வட்டியைப் பற்றிய ஆயத்துகளை அடுத்து, 280-வது ஆயத்தில் அல்லாஹ் கடன் கொடுத்தவனைப் பார்த்துப் பேசுகிறான்: கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிட்டால் அது உங்களுக்கு இன்னும் நல்லது. பார்த்தீர்களா, காத்திருக்கச் சொல்வது யாரை என்று. கஷ்டப்படுகிறவனுக்கு அவகாசம் கொடுப்பவனுக்கு நாளை மறுமையில் அல்லாஹ் தன் நிழலைத் தருவான் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. கடைக்காரர்களுக்கும் கஷ்டம் உண்டு, எனக்குத் தெரியும், ராமநாதபுரத்து மொத்த வியாபாரி அவர்களுக்குத் தவணை தருவதில்லை. அதனால் இதைக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டவில்லை. வசதி உள்ளவர்கள் போய் ஒரு வீட்டுப் பாக்கியைக் கட்டிவிடுங்கள், யார் கட்டினார்கள் என்று அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இந்த மாதம் வந்தாலே நம் பெரியவர்கள் 1964 டிசம்பரைப் பேசுவார்கள். ஒரே ராத்திரியில் தனுஷ்கோடி போனது, தண்டவாளத்தில் வந்துகொண்டிருந்த ரயிலையே கடல் கொண்டுபோனது. அதிலிருந்து மீண்டவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் எழுந்தார்கள். ஹாஜரா அம்மாவை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் இல்லாத பாலைவனத்தில், கைக்குழந்தையோடு, அல்லாஹ் நம்மைக் கைவிட மாட்டான் என்று சொன்னவர் அவர். சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை, ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஏழு முறை ஓடினார். மணலில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்த அந்தக் காக்காவிடம் நேற்று நான் கண்டதும் அதே சபுர்தான்.

அப்புறம் வாலிபர்களுக்கு ஒரு வேலை. நாளை காலை சுபுஹுக்குப் பிறகு கடற்கரைக்கு வாருங்கள், நானும் வருகிறேன். வலை பிரிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். உடைந்த படகுகளுக்குப் பலகையும் பசையும் வாங்க பைத்துல்மாலிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று நிர்வாகிகள் இன்று அஸருக்குப் பிறகு பேசுகிறார்கள். வலை, இன்ஜின் வேலை தெரிந்தவர்களும் அதில் உட்காருங்கள்.

யா அல்லாஹ், எங்கள் கடலைச் சாந்தமாக்குவாயாக. அக்கரையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளை அவர்களின் உம்மாக்களிடம் திருப்பித் தருவாயாக. வெளிநாட்டில் கூலி கிடைக்காமல் இருப்பவர்களுக்கு அவர்களின் ஹக்கை வாங்கித் தருவாயாக. கடன்பட்டவர்களின் பாரத்தை இறக்குவாயாக, கடன் கொடுத்தவர்களின் உள்ளத்தை இளக்குவாயாக. மீனின் வயிற்று இருட்டிலிருந்து யூனுஸ் நபி கூப்பிட்டதைக் கேட்ட எங்கள் ரப்பே, எங்கள் துஆவையும் கேட்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.