வால் இல்லாத மீன்

எட்டு நாள் கழித்துத் தருவைக்குளம் கரைக்குத் திரும்பிய படகிலிருந்து சூரையும் சீலாவும் முதலில் இறங்கின. அப்புறம் நாலு பேர் சேர்ந்து ஒன்றை மணலில் இழுத்துப் போட்டார்கள். தட்டையாக, வட்டமாக, சாம்பல் நிறத்தில் ஒரு மீன். பின்பாதியை யாரோ அரிவாளால் வெட்டி எடுத்தது போல இருந்தது.

“பருவலையில செத்துக் கெடந்துச்சு. ஏலத்துக்கு ஆகாது,” என்றார் அப்பா.

ஜெனிட்டா போனை எடுத்தாள். “பத்து நிமிஷம் பொறுங்கப்பா. அளவு நாடா கெடைக்குமா?”

“ஏளா, வெயில் ஏறுதுல்லா.” சொன்னாரே தவிர, அத்தை வீட்டுத் தையல் பெட்டியிலிருந்து நாடாவை அவரே வாங்கி வந்தார்.

142 செ.மீ. நாடாவை மீனின் பக்கத்தில் நீட்டி வைத்து முழு உடம்பு, செட்டைகள், கண், வாய் என்று வரிசையாக எடுத்தாள். வாய் சின்னது. தனித்தனிப் பல் இல்லை. கிளி மூக்கு மாதிரி ஒரே தகடு.

“பேத்தை வாயி மாதிரில்லா இருக்கு,” என்றார் அப்பா.

அவளுக்குக் கிடைத்த நூல்முனை அது ஒன்றுதான். சாயங்காலம் விலங்கியல் டீச்சரின் மீன் புத்தகத்தில் பேத்தை வகைகளைப் பிரித்து உட்கார்ந்தாள். அதன் சொந்தக்காரர்களில் ஒரு குடும்பம், சூரியமீன். முதுகுச் செட்டையும் அடிச்செட்டையும் பின்னால் சேர்ந்து வாலின் இடத்தை அடைத்திருக்கும். வெட்டுப்பட்ட மீனல்ல, அதன் உருவமே அப்படித்தான்! அந்தக் குடும்பத்து மீன் ஒன்றின் பெயரை, ‘மோலா மோலா’ என்று நோட்டில் எழுதிவிட்டாள்.

மறுநாள் டீச்சர் கேட்டார்: “பின்விளிம்பு எப்படி இருந்துச்சும்மா?”

எடுத்த 22 படங்களில் 21-இல் பின்விளிம்பு மணலில் மடங்கிக் கிடந்தது. மிச்சம் ஒன்று, அப்பாவின் கை மறைக்கிறதே என்று அவள் அழிக்க நினைத்த படம். மீனை நகர்த்த அவர் பின்விளிம்பைத் தூக்கிப் பிடித்திருந்தார். நாடாவின் முனையும் அதில் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். காய்த்துப்போன அந்த விரல்களுக்கு நடுவே, விளிம்பின் மத்தியிலிருந்து ஒரு நாக்கு போல நீட்டிக்கொண்டிருந்தது. மோலாவுக்கு அது கிடையாது. கூர்வால் சூரியமீனுக்கு உண்டு: மாஸ்டூரஸ் லான்சியோலேட்டஸ். லான்சியோலேட்டஸ் என்றால் ஈட்டி வடிவம்.

நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அப்பா திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். படத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

“எங் கையில்லா இது!” வெகுநேரம் பார்த்தார். “எதத் திங்கும் இது?”

“நெறைய தின்னும்பா. சொறியும் தின்னும்.”

வலையை அடைக்கும் ஜெல்லிமீன்தான் சொறி. அதை அள்ளிக் கொட்டி அவருக்குக் கை எரியாத மாதமில்லை. ஊசியைக் கீழே வைத்தார். “உசிரோட மாட்டியிருந்தா அறுத்து விட்டிருக்கலாம்.”

அடுத்த பயணத்துக்கு ஐஸ் ஏற்றியபோது, வலை ஊசிப் பெட்டிக்குள் அத்தையின் அளவு நாடாவையும் சுருட்டி வைத்துக்கொண்டார்.