பொருள்: 640 சிங்கப்பூர் டாலர் கேட்டு வந்த நினைவூட்டல்

வணக்கம் அண்ணா,

செவ்வாய்க்கிழமை உங்கள் ஆபீஸிலிருந்து ஆங்கிலத்தில் வந்த நினைவூட்டலைப் பார்த்தேன். ஆறு வருடமாகத் தமிழிலேயே பேசிப் பழகியவர்கள் நாம், அதனால் பதிலைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

கடைசி 400 டி-ஷர்ட்டை விமானத்தில் அனுப்பிய செலவு 640 டாலரை நாங்கள் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதை ஏற்க முடியாதுங்க அண்ணா. பிரிண்ட் சாம்பிளை மார்ச் 3-ம் தேதியே கூரியரில் அனுப்பிவிட்டோம். உங்கள் ஒப்புதல் வந்தது 14-ம் தேதி. ஒப்புதல் இல்லாமல் திருப்பூரில் எந்தப் பிரிண்டிங் பட்டறையும் துணியில் கை வைக்காது. அந்தப் பதினொரு நாளை ஈடுகட்ட எங்கள் தையல்காரர்கள் இரண்டு ஞாயிறு வேலை பார்த்தார்கள். அந்தக் கூலியை நான் உங்களிடம் கேட்கவில்லை. அதோடு, நம் ஆர்டர் தூத்துக்குடி எஃப்.ஓ.பி. முறையில் போட்டது, அதாவது கப்பலில் ஏற்றியபிறகு ஆகும் சரக்குக் கட்டணம் வாங்குபவருடையது. விமானத்தில் அனுப்பச் சொன்னதும் நீங்கள்தான், அந்த மெயிலை இணைத்திருக்கிறேன்.

காலர் தையல் பிரிந்த 38 பீஸ் எங்கள் தவறுதான். அதற்கான 133 டாலரை அடுத்த பில்லில் கழித்துவிடுகிறேன்.

பழைய பில்லில் பாக்கி 2,150 டாலர் இன்னும் வரவில்லை. நூல் மில்லுக்கு நான் பணம் கட்டியாக வேண்டும், 25-ம் தேதிக்குள் அனுப்பி வையுங்கள். அது வந்தபிறகே புது ஆர்டருக்குத் துணி வெட்டுவோம்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்க.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து உங்கள் தம்பி