மூன்று நாள் நவக்கிரகத் தல யாத்திரை: சென்னையிலிருந்து குடும்பத்துடன்

(காட்சி: விடியற்காலையில் கும்பகோணம் ரயில் நிலையம். பெரியவர் ஒருவர் பேரனின் கையைப் பிடித்தபடி பெட்டியிலிருந்து இறங்குகிறார். மங்கல இசை தணிகிறது.)

குரல்:
வணக்கம். பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருசேர அழைத்துக்கொண்டு நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் தரிசித்து வர வேண்டும் என்பது பல குடும்பங்களில் ஆண்டுக்கணக்காகப் பேசப்படும் விருப்பம். அம்மாவின் மூட்டுவலி, அப்பாவின் சர்க்கரை, பிள்ளைகளின் பள்ளி, எங்கு போய் முடியும் என்று தெரியாத செலவு ஆகியவற்றால் அது தள்ளிக்கொண்டே போகிறது. இந்தத் தடைகளை மனத்தில் வைத்தே இந்த யாத்திரையை அமைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் புறப்பட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் வீடு திரும்புவீர்கள். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்தால் போதும்.

ஒன்பது தலங்களையும் ஒரே நாளில் காட்டிவிடுகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி அளவில்தான் மீண்டும் திறப்பார்கள் என்பதால், ஒரே நாளில் ஒன்பதையும் முடிக்க வேண்டுமென்றால் சந்நிதியில் நிற்கும் நேரத்தைக் குறைத்து, வண்டியில் ஓடும் நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். எழுபது வயதுத் தாயாரை அப்படி அலைக்கழிப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அதனால்தான் இது மூன்று நாள் பயணம்.

(காட்சி: சூரியனார்கோவில் கோபுரம், காலை வெயில்.)

குரல்:
சென்னை எழும்பூரிலிருந்து உழவன் விரைவு ரயிலில், மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் பயணம். சனிக்கிழமை விடியற்காலையில் கும்பகோணத்தில் இறங்கியதும் நேரே அறைக்குச் சென்று, வெந்நீரில் குளித்து, சற்றே படுத்தெழுந்து, சிற்றுண்டி முடித்த பிறகு எட்டரை மணிக்குத்தான் வேன் புறப்படும். முதலில் திருமங்கலக்குடி பிராணநாதேஸ்வரரை வணங்கிவிட்டே சூரியனார்கோவிலுக்குச் செல்வது மரபு. அந்த மரபை நாங்கள் விடுவதில்லை. தொடர்ந்து, அருகிலேயே உள்ள சுக்கிரன் தலமான கஞ்சனூர். நண்பகலில் அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு ஓய்வெடுத்த பின் மாலையில் ஆலங்குடி ஆபத்சகாயேஸ்வரர் கோயிலில் குரு தட்சிணாமூர்த்தி தரிசனம். குருவுக்கு உகந்த வியாழக்கிழமையின் நெரிசல் சனிக்கிழமை மாலையில் இராது என்பதால், பெரியவர்கள் நின்று நிதானமாக வழிபடலாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட நாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறோம். காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வைத்தீஸ்வரன்கோவிலை அடைகிறோம். வைத்தியநாத சுவாமி, தையல்நாயகி, செல்வமுத்துக்குமார சுவாமி, அங்காரகன் என நான்கு சந்நிதிகளிலும் நின்று வழிபட, சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைக்க, உப்பும் மிளகும் காணிக்கை செலுத்த ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். குலதெய்வமாக இக்கோயிலைக் கொண்டவர்கள் குழந்தைக்கு முடியிறக்க விரும்பினால் பதிவின்போதே தெரிவியுங்கள். அன்று வேன் அரை மணி நேரம் முன்னதாகப் புறப்படும்.

அங்கிருந்து திருவெண்காடு. சுவேதாரண்யேஸ்வரர் கோயிலில் சூரியன், சந்திரன், அக்னி எனும் மூன்று தீர்த்தங்கள் உள்ளன. புதனுக்குத் தனிச் சந்நிதி. அகோர மூர்த்தியின் திருவுருவம் காண வேண்டிய ஒன்று. அடுத்து, பூம்புகாரை அடுத்த கீழப்பெரும்பள்ளத்தில் கேது தரிசனம். நடை சாத்துவதற்குள் இம்மூன்றையும் முடித்துக்கொண்டு காரைக்கால் சென்றுவிடுகிறோம்.

(காட்சி: குளிர்சாதன அறையில் மின்விசிறியின் கீழ்ப் பாட்டி ஒருவர் கால் நீட்டி அமர்ந்திருக்கிறார், அருகில் குழந்தை உறங்குகிறது.)

குரல்:
பகல் உணவுக்குப் பின் மாலை மூன்றரை மணி வரை ஓய்வெடுக்கக் காரைக்காலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை எடுத்துத் தருகிறோம். கோயில் திறக்கும் வரை வண்டிக்குள்ளோ மண்டபத்துத் தூணடியிலோ காத்திருக்கத் தேவையில்லை. நான்கு மணி அளவில் திருநள்ளாறு. நளன் தீர்த்தத்தில் நீராட விரும்புவோர் மாற்றுத் துணியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீராட இயலாதவர்கள் தலையில் தீர்த்தம் தெளித்துக்கொண்டு தர்ப்பாரண்யேஸ்வரரையும் சனீஸ்வர பகவானையும் தரிசிக்கலாம். சனிக்கிழமையே திருநள்ளாறு செல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நாளின் கூட்டத்தில் முதியோரையும் சிறு குழந்தைகளையும் வரிசையில் நிறுத்துவதைத் தவிர்க்கவே ஞாயிறு மாலையைத் தேர்ந்திருக்கிறோம். சனிப்பெயர்ச்சியை ஒட்டிய வாரத்தில் இந்தப் பயணம் நடத்தப்படாது.

திங்கட்கிழமை ராகு காலம் காலை ஏழரை முதல் ஒன்பது வரை. அந்த நேரத்தில் திருநாகேஸ்வரத்தில் இருப்போம். ராகு பகவானுக்குப் பாலபிஷேகம் செய்யும்போது, திருமேனியில் வழியும் பால் நீல நிறம் கொள்வதைப் பக்தர்கள் கண்ணிமைக்காமல் பார்த்து நிற்பார்கள். நம் குழுவினர் சந்நிதிக்கு முன்னே இடம் பெறும்படி ஏழு மணிக்குள் கோயிலுக்குள் சென்றுவிடுகிறோம். பக்கத்திலேயே ஒப்பிலியப்பன் கோயில்; உப்பில்லாமல் செய்யும் பிரசாதத்தைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். பிறகு, அப்பூதியடிகள் வாழ்ந்த திங்களூர். சந்திரனுக்குரிய திங்கட்கிழமையிலேயே அவருடைய தலத்தில் ஒன்பதாவது தரிசனம் நிறைவு பெறும். பிற்பகல் ஓய்வு, மாலையில் கும்பேஸ்வரர் கோயில், சாரங்கபாணி கோயில், கடைவீதி. இரவு ரயில்.

(காட்சி: வேனின் கதவருகே மரப்படி வைக்கப்படுகிறது. ஒருங்கிணைப்பாளர் பெரியவருக்குக் கை கொடுக்கிறார்.)

குரல்:
பன்னிரண்டு இருக்கைகள் கொண்ட குளிர்சாதன வேனில் பத்துப் பேரை மட்டுமே ஏற்றுகிறோம். ஏறி இறங்க மரப்படியும், மடக்குச் சக்கர நாற்காலி ஒன்றும் எப்போதும் வண்டியில் இருக்கும். தங்கும் விடுதி மகாமகக் குளத்துக்கு அருகில். மின்தூக்கி, மேற்கத்தியக் கழிப்பறை, வெந்நீர் ஆகியவை உண்டு. சனிக்கிழமை விடியற்காலை முதல் திங்கட்கிழமை இரவு எட்டு மணி வரை அறை உங்களுடையது. 24 மணி நேரக் கணக்கைக் காட்டி இடையில் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள்.

உணவு முழுக்கச் சைவம். காலை எட்டு, பகல் ஒன்று, இரவு எட்டு என்ற நேரங்கள் தவறாமல் பார்த்துக்கொள்வோம். அதிகாலைப் பயணமுள்ள நாட்களில் சிற்றுண்டி கட்டி வேனிலேயே தரப்படும். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் வேளை தவறிச் சாப்பிட நேராது. வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் தனியே சமைத்துத் தருவோம். கொதிக்க வைத்து ஆற்றிய குடிநீர் வண்டியில் இருக்கும். ரயிலில் கீழ்ப்படுக்கை ஒதுக்குவது ரயில்வே துறையின் கையில் உள்ளது; முதியோருக்காக விண்ணப்பத்தில் கேட்போம், கிடைக்காவிட்டால் சக பயணிகளிடம் பேசி மாற்றித் தர முயல்வோம். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டோம்.

(திரையில் எழுத்துகள்:
பெரியவர் ஒருவருக்கு: ரூ.9,400 + 5% ஜிஎஸ்டி ரூ.470 = ரூ.9,870
5 முதல் 11 வயது வரை, ரயிலில் தனிப் படுக்கையுடன்: ரூ.6,600 + ரூ.330 = ரூ.6,930
5 வயதுக்கு உட்பட்ட குழந்தை, தனிப் படுக்கை இல்லாமல்: கட்டணம் இல்லை)

குரல்:
இப்போது செலவு. தாத்தா, பாட்டி, பெற்றோர் இருவர், எட்டு வயதுப் பிள்ளை ஒருவர் என ஐவர் கொண்ட குடும்பத்துக்கு வரி உட்பட மொத்தம் 46,410 ரூபாய். இந்தத் தொகைக்குள் இருவழி ரயில் கட்டணம், இரண்டு அறைகள், காரைக்காலில் பகல் ஓய்வறை, மூன்று நாள் உணவு, வேன், ஓட்டுநர் படி, சுங்கம், வாகன நிறுத்தக் கட்டணம் எல்லாம் அடங்கும். திருநள்ளாறு புதுச்சேரி யூனியன் பிரதேச எல்லைக்குள் இருப்பதால் தமிழ்நாட்டு வாடகை வண்டிக்குச் செலுத்த வேண்டிய அனுமதிக் கட்டணமும் இதிலேயே சேர்ந்திருக்கிறது. எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு உங்களிடம் அதற்காகக் கை நீட்ட மாட்டோம்.

அடங்காதவை எவை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அர்ச்சனை, சிறப்புத் தரிசனம், அபிஷேகம் ஆகியவற்றுக்கான சீட்டுகளை நீங்களே கோயில் அலுவலகத்தில், சீட்டில் அச்சிட்டுள்ள தொகைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். பூசைச் சாமான், காணிக்கை, முடியிறக்கும் செலவு, கடைவீதியில் வாங்கும் பொருட்கள் ஆகியவையும் உங்களுடையவை. பரிகாரம் செய்தே ஆக வேண்டும் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் யாரையும் வற்புறுத்த மாட்டார். எந்தக் கடையிலும் எந்தப் பூசையிலும் அவருக்குத் தரகு கிடையாது.

வேறு குடும்பத்துடன் சேர்ந்து செல்ல விரும்பாதவர்கள் ஏழு இருக்கைக் குளிர்சாதனக் காரைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வரி உட்படக் கூடுதலாக ரூ.7,500, அதே ஐவர் குடும்பத்துக்கு மொத்தம் ரூ.53,910 ஆகும்.

முன்பதிவுக்கு ஆளுக்கு ரூ.2,000 செலுத்தினால் போதும். மீதித் தொகையைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன் செலுத்தலாம். ரயிலில் 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுவதால், அந்த அளவுக்கு முன்னதாக நீங்கள் சொன்னால் குடும்பத்தினர் அனைவருக்கும் ஒரே பகுதியில் படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். இருக்கை உறுதியாகாவிட்டால் கட்டிய பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். பதிவு செய்த பின் ரயில் கட்டணம் உயர்ந்தாலும் உங்களிடம் கூடுதலாகக் கேட்க மாட்டோம்.

குடும்பத்தில் தீட்டு ஏற்பட்டோ யாருக்கேனும் உடல்நலம் குன்றியோ புறப்பட இயலாமல் போனால், ரயில்வே பிடித்துக்கொள்ளும் ரத்துக் கட்டணத்தை மட்டும் கழித்துக்கொண்டு வேறொரு தேதிக்கு மாற்றித் தருகிறோம். முழுவதுமாக ரத்து செய்வதானால், பத்து நாட்களுக்கு முன்பு வரை அதே கழிவுதான்; அதற்குப் பிறகு அறை வாடகையில் பாதியும் சேர்த்துக் கழிக்கப்படும். கழித்த தொகைக்கு விடுதி ரசீதின் நகல் தருவோம்.

(திரையில் எழுத்துகள்: தை முதல் பங்குனி வரை, மாதத்தின் இரண்டாவது, நான்காவது வெள்ளிக்கிழமைகளில் புறப்பாடு.)

குரல்:
வெயில் கடுமையாகும் முன் முதியோர் சென்று வருவதற்கு ஏற்றவை தையும் மாசியும் என்பது எங்கள் கருத்து. பங்குனியில் செல்பவர்கள் குடையும் பருத்தி ஆடைகளும் எடுத்துவாருங்கள். சுடுகின்ற கல்தளத்தில் நடக்கக் காலுறை உதவும். ஆண்கள் வேட்டி, பெண்கள் புடவை அல்லது சுடிதார் அணிவது நலம். அனைவரும் அசல் அடையாள அட்டையையும், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை ஐந்து நாட்களுக்கும் கையோடு வைத்திருங்கள்.

எங்கள் அலுவலகம் மாம்பலம் ரயில் நிலையத்துக்கு அருகில், ஞாயிறு தவிர எல்லா நாட்களிலும் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும். நேரில் வந்தால் மூன்று நாள் நேர அட்டவணையையும், இப்போது சொன்ன செலவுக் கணக்கையும் அச்சிட்ட தாளில் கையொப்பமிட்டுத் தருவோம். வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, எல்லோரும் கலந்து பேசிய பிறகு முன்பணம் செலுத்தலாம்.