புள்ளியியல் வினாடி வினா: முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை, சோதனையின் திறன்

நேரம்: 40 நிமிடம். மதிப்பெண்: 20.

கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். விடை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான், வழிமுறை வேண்டும். α என்பது முதல் வகைப் பிழையின் நிகழ்தகவு, β என்பது இரண்டாம் வகைப் பிழையின் நிகழ்தகவு, திறன் என்பது 1 − β. தேவைப்படும் மதிப்புகள்:

P(Z < 1.645) = 0.950
P(Z < 2.326) = 0.990
P(Z < 1.282) = 0.900
P(Z < 0.355) = 0.639
P(Z < 0.326) = 0.628

வினாக்கள்

1. ஒரு கிணற்று நீரில் ஈயம் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். H₀: நீர் பாதுகாப்பானது. H₁: நீர் பாதுகாப்பற்றது.
(அ) இரண்டு வகைப் பிழைகளும் இங்கே நடைமுறையில் என்னவாக இருக்கும்? ஒவ்வொன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதுக. (2)
(ஆ) H₀-வையும் H₁-ஐயும் இடம் மாற்றினால், கெட்ட நீரை நல்லது என்று சொல்லிவிடுவது எந்த வகைப் பிழை? (1)

2. ஒரு சோதனையில் H₀ மறுக்கப்பட்டுவிட்டது. இந்த முடிவில் நேர்ந்திருக்கக்கூடிய பிழை எது? (1)
(அ) முதல் வகை மட்டும்
(ஆ) இரண்டாம் வகை மட்டும்
(இ) இரண்டில் எதுவும் இருக்கலாம்
(ஈ) எந்தப் பிழைக்கும் இடமில்லை

3. சரியா, தவறா? காரணம் ஒரு வரியில். (3)
(அ) α = 0.05 என்றால் β = 0.95.
(ஆ) p மதிப்பு 0.03 என்றால், H₀ உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு 3 சதவீதம்.
(இ) H₀-வை மறுக்க முடியவில்லை என்றால் H₀ நிரூபிக்கப்பட்டுவிட்டது.

4. ஒரு நாணயத்தைப் 10 முறை சுண்டுகிறோம். H₀: தலை விழும் நிகழ்தகவு 0.5. தலைகளின் எண்ணிக்கை 0, 1, 9, 10 ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் H₀-வை மறுப்போம்.
(அ) α எவ்வளவு? (2)
(ஆ) உண்மையில் தலை விழும் நிகழ்தகவு 0.8 என்றால் இந்தச் சோதனையின் திறன் எவ்வளவு? (2)

5. ஒரு இயந்திரம் பாட்டில்களில் சராசரியாக 500 மி.லி. நிரப்ப வேண்டும். நிரப்பும் அளவு இயல்நிலைப் பரவலில் அமைகிறது, திட்டவிலக்கம் 6 மி.லி. என்பது தெரியும். 36 பாட்டில்களை மாதிரியாக எடுத்து, H₀: μ = 500 என்பதை H₁: μ < 500 என்பதற்கு எதிராக 5 சதவீத மிகைகாண் மட்டத்தில் சோதிக்கிறோம்.
(அ) மாதிரிச் சராசரி எதற்குக் கீழே போனால் H₀ மறுக்கப்படும்? (1)
(ஆ) உண்மைச் சராசரி 498 என்றால் β, திறன் இரண்டையும் காண்க. (2)
(இ) மட்டத்தை 1 சதவீதமாகக் குறைத்தால் அதே 498-க்குத் திறன் என்ன ஆகும்? (2)
(ஈ) 5 சதவீத மட்டத்திலேயே இருந்துகொண்டு, 498-க்குத் திறன் குறைந்தது 0.90 ஆக வேண்டும். எத்தனை பாட்டில்கள் தேவை? (2)

6. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள், ஒவ்வொன்றும் 5 சதவீத மட்டத்தில். இருபதிலும் H₀ உண்மை. குறைந்தது ஒன்றிலாவது H₀ தவறாக மறுக்கப்படும் நிகழ்தகவு என்ன? (2)

விடைகளும் குறிப்புகளும்

1. (அ) முதல் வகை: நல்ல நீரைக் கெட்டது என்று சொல்லிக் கிணற்றை மூடுவது. இரண்டாம் வகை: ஈயம் கலந்த நீரை நல்லது என்று குடிக்க விடுவது. (ஆ) முதல் வகை. எந்தப் பிழைக்கு எந்தப் பெயர் என்பதை H₀ எது என்பதே தீர்மானிக்கிறது, பிழையின் கடுமை அல்ல. "இரண்டாம் வகை எப்போதும் லேசானது" என்று எழுதியிருந்தால் மதிப்பெண் இல்லை. எது அதிக ஆபத்தோ அதை முதல் வகையாக வைத்து, α-வால் கட்டுப்படுத்துவது நல்ல வழக்கம்.

2. (அ). மறுத்த பிறகு இரண்டாம் வகைப் பிழைக்கு இடமே இல்லை. அது மறுக்காமல் விட்டால் மட்டுமே வரும்.

3. மூன்றுமே தவறு. (அ) α, H₀ உண்மை என்று கொண்டு கணக்கிடப்படுகிறது. β, H₁-இல் ஒரு குறிப்பிட்ட மதிப்பு உண்மை என்று கொண்டு. வெவ்வேறு உலகங்களின் நிகழ்தகவுகளைக் கூட்டி 1 வரவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. (ஆ) p மதிப்பே H₀ உண்மை என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டதுதான். H₀ உண்மையா என்பதற்கான நிகழ்தகவை அது தராது. (இ) திறன் குறைந்த சோதனை உண்மையான வித்தியாசத்தையும் கோட்டைவிடும். வினா 4-ஐப் பாருங்கள்.

4. (அ) 10 முறை சுண்டினால் 1024 சம வாய்ப்புள்ள விளைவுகள். 0 அல்லது 10 தலை வர 2 வழி, 1 அல்லது 9 தலை வர 20 வழி. α = 22/1024 = 0.0215. எண்ணிக்கை முழு எண்ணாகவே வருவதால் சரியாக 0.05 வரும்படி மறுப்புப் பகுதியை அமைக்க முடியாது; 2, 8 இரண்டையும் சேர்த்தால் α உடனே 112/1024, அதாவது 0.109 ஆகிவிடும்.

(ஆ) 9 தலை: 10 × 0.8⁹ × 0.2 = 0.268. 10 தலை: 0.8¹⁰ = 0.107. 0, 1 தலைக்கான பங்கு மிகச் சிறியது, விட்டுவிடலாம். திறன் சுமார் 0.376. இவ்வளவு மோசமாகச் சாய்ந்த நாணயத்தையே மூன்றில் இரண்டு முறை அளவுக்கு இந்தச் சோதனை தவறவிடுகிறது. 10 சுண்டலை வைத்து "நாணயம் நல்லது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

5. (அ) திட்டப்பிழை 6/√36 = 1. எல்லை 500 − 1.645 = 498.355.

(ஆ) அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். எல்லையைக் கணக்கிட 500-ஐப் பயன்படுத்தினோம். β-வைக் கணக்கிடும்போது 500-ஐ மறந்துவிட்டு 498-ஐ மையமாக வைக்க வேண்டும். β = P(X̄ ≥ 498.355) = P(Z ≥ 0.355) = 0.361. திறன் 0.639. இரண்டாவது படியிலும் 500-ஐப் போட்டால் 0.95 வரும், அது திறனும் இல்லை, β-வும் இல்லை, வெறும் 1 − α.

திறன் ஒரே எண் இல்லை என்பதையும் கவனியுங்கள். இதே சோதனைக்கு உண்மைச் சராசரி 499 என்றால் திறன் 0.26, 497 என்றால் 0.91. சரியாக 500-இல் அது α-வாகவே, 0.05 ஆக, முடிகிறது. "இந்தச் சோதனையின் திறன் 0.8" என்று யாராவது சொன்னால், எந்த மதிப்புக்கு என்று கேட்காமல் விடாதீர்கள்.

(இ) புதிய எல்லை 500 − 2.326 = 497.674. திறன் = P(Z < −0.326) = 1 − 0.628 = 0.372. தவறாக மறுக்கும் வாய்ப்பை ஐந்தில் ஒன்றாக்கியதற்கு நாம் கொடுத்த விலை, திறன் 0.639-இலிருந்து 0.372-க்கு விழுந்தது. மாதிரி அளவு மாறாதவரை இந்தக் கொடுக்கல் வாங்கல் தவிர்க்க முடியாதது.

(ஈ) n = (1.645 + 1.282)² × 6² / 2² = 8.567 × 9 = 77.1. எனவே 78 பாட்டில்கள். 77 என்று எழுதியவர்களுக்கு ஒரு மதிப்பெண். திறன் "குறைந்தது" 0.90 என்பதால் மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும்.

6. 1 − 0.95²⁰ = 1 − 0.358 = 0.642. 20 × 0.05 = 1 என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. அந்த 1, தவறான மறுப்புகளின் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை, நிகழ்தகவு அல்ல.