மலத்தின் வகையை கேஸ் ஷீட்டில் குறிப்பது: செவிலியர்களுக்கு

“மோஷன் நார்மல்” என்று மட்டும் எழுதிவரும் கேஸ் ஷீட்டை இனி திருப்பி அனுப்புவேன். ஒருவருக்கு நார்மல் என்பது இன்னொருவருக்கு மலச்சிக்கல். மலத்தை வடிவத்தை வைத்து ஏழு வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அளவுகோலின் படத்தை நோயாளியிடம் காட்டி, எது என்று அவரையே தொடச் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்படுபவரும் படத்தைத் தொட்டுவிடுவார்.

வகை 1, ஆட்டுப்புழுக்கை போலத் தனித்தனியான கெட்டி உருண்டைகள். வகை 2, நீளமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த உருண்டைகள் ஒட்டிக்கொண்டதுபோல் முண்டும் முடிச்சுமாக. வகை 3 நீளமானது, மேலே வெடிப்புகள் தெரியும். வகை 4 வழவழப்பான, மென்மையான உருளை. வகை 5, ஓரம் தெளிவாகத் தெரியும் மென்மையான துண்டுகள். வகை 6, ஓரம் பிய்ந்த கூழ். வகை 7 வெறும் தண்ணீர். திடமாக எதுவும் இருக்காது.

எண்ணுக்குப் பின்னால் இருப்பது நேரம். பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் அதிக நேரம் தங்கினால் காய்ந்து இறுகும், வேகமாகக் கடந்தால் இளகியே வரும். அதனால் 1, 2 என்றால் நகர்வு மெதுவு. 3, 4 வழக்கமானது. 6, 7 வேகம். 5-ஐ மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதைவிட வடிவம்தான் குடலின் வேகத்தை நன்றாகக் காட்டுகிறது. ஆனாலும் இது தோராயம்தான், மணிக்கணக்கு சொல்லாது.

ஒரு இடத்தில் இந்த எண் ஏமாற்றும். நான்கைந்து நாள் போகாமல் இருந்த முதியவருக்குத் திடீரென வகை 7 வந்தால், பேதி என்று எழுதி முடித்துவிடாதீர்கள். உள்ளே கெட்டி மலம் அடைத்திருக்க, அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிந்து வரலாம். டாக்டர் பரிசோதிக்கும் முன் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் மோசமாகும். ஆகவே, முந்தைய நாட்களின் கணக்கையும் கேட்டு எழுதுங்கள்.

மலமிளக்கி, இரும்புச்சத்து மாத்திரை, ஓபியாய்டு வலி மருந்து எடுத்தாரா என்பதும் வேண்டும். மலமிளக்கி தந்த வகை 4-ஐ குடல் தானாகச் சரியானதாக நினைத்துவிடக் கூடாது. ரத்தமோ கறுத்த மலமோ இருந்தால் எண் எதுவானாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டவர்களுக்கு இந்த அளவுகோலே வேண்டாம்; அங்கே வழக்கமாக நீர்த்தோ கூழாகவோதான் வரும்.

பதிவு இப்படி இருந்தால் போதும்:

“காலை 6.40, வகை 2, கொஞ்சம், முக்கிப் போனார். ரத்தம் இல்லை. கடைசியாகப் போனது 3 நாள் முன்பு, வகை 1. ஓபியாய்டு மாத்திரை 5 நாளாக. மலமிளக்கி இல்லை. படத்தைத் தொட்டது நோயாளி.”